எழுவினா வனைவது எப்படி? ஒரு கிரய உடன்படிக்கை வழக்கை வைத்து ஒரு வழிகாட்டி

உரிமையியல் வழக்கில் எதிர்வழக்குரை தாக்கலானதும் கட்டு அடுத்த வாய்தாவுக்கு ‘எழுவினா’ என்று போடப்படும். ஒருவர் சொல்லி மற்றவர் மறுக்கும், நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விதான் எழுவினா. நீதிமன்றத்துக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள் பலர் அந்த வாய்தாவை ஒரு சடங்காகவே பார்க்கிறார்கள். பழைய கட்டு ஒன்றில் இருக்கும் எழுவினாக்களைப் பார்த்து எழுதி, தேதியையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் சாட்சி எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது, எதை நிரூபிக்காவிட்டால் வழக்கு தோற்கும் என்பதெல்லாம் அன்றுதான் முடிவாகிறது. விசாரணையின் பாதை அன்றைக்குத்தான் வகுக்கப்படுகிறது, ஆகவே அதுவும் வழக்கு விசாரணைக்கான நாளே என்று மக்கன் லால் பங்கால் எதிர் மானஸ் புனியா வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வழக்குரையையும் எதிர்வழக்குரையையும் கையில் வைத்துக்கொண்டு எழுவினாக்களை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதை ஒரே ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். வழக்கு கற்பனைதான். ஆனால் தமிழ்நாட்டின் எந்தச் சார்பு நீதிமன்றத்திலும் இதே மாதிரி வழக்கு இருக்கும்.

வழக்கு இதுதான்

வாதி வழக்குரையில் சொல்வது: 10.03.2021 அன்று பிரதிவாதி தன் 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை ரூ.24 லட்சத்துக்கு விற்க ஒப்புக்கொண்டு பதிவு செய்த கிரய உடன்படிக்கை எழுதிக் கொடுத்தார். அன்றே ரூ.6 லட்சம் ரொக்கமாக முன்பணம் பெற்றார். கெடு ஆறு மாதம். 05.08.2021 அன்று, மகள் கல்யாணச் செலவுக்கு வேண்டும் என்று பிரதிவாதி கேட்டதால், அவர் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டார் இருவர் முன்னிலையில் மேலும் ரூ.2 லட்சம் கொடுத்தேன். அதற்கு உடன்படிக்கையின் பின்புறத்தில் வரவு எழுதிக் கையொப்பமிட்டார். மீதி ரூ.16 லட்சத்தைக் கொடுத்துக் கிரயம் பெற நான் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தேன். வங்கியில் பணம் வைத்திருந்தேன், மனைவியின் நகைகளையும் விற்றேன். 20.08.2021 அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மாலை வரை காத்திருந்தேன், பிரதிவாதி வரவில்லை. 25.08.2021 அன்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், பொய்யான பதில் வந்தது. ஆகவே உடன்படிக்கைப்படி கிரயம் எழுதித் தர உத்தரவிடும் ஏற்றதை ஆற்றுதல் பரிகாரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ரூ.8 லட்சத்தைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும்.

பிரதிவாதி எதிர்வழக்குரையில் சொல்வது: உடன்படிக்கையில் உள்ளது என் கையொப்பம்தான். ஆனால் வாதியிடம் ரூ.3 லட்சம் கடன் வாங்கினேன், அந்தக் கடனுக்கு ஈடாகத்தான் அதை எழுதிக் கொடுத்தேன். நிலத்தை விற்கும் எண்ணமே எனக்கு இல்லை. அன்றைய சந்தை விலை ரூ.60 லட்சம். ரூ.2 லட்சமோ அதில் ஒரு பகுதியோ நான் வாங்கவில்லை, வரவுக் கையொப்பம் போலி. வாதியிடம் பணமும் இல்லை, கிரயம் வாங்கும் எண்ணமும் இல்லை. நிலம் பூர்வீகச் சொத்து, என் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. அவரைச் சேர்க்காததால் வழக்கு நிலைக்காது.

முதல் வேலை: ஒப்புக்கொண்டதைக் கழித்துவிடுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் வாதி சொல்லும் ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். இரண்டாவது பத்தியில் அதற்குப் பிரதிவாதியின் பதிலையும், அந்தப் பதில் எந்தப் பாராவில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். மூன்றாவது பத்தி இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

எதிர்வழக்குரையின் கடைசியில் ‘இதில் ஒப்புக்கொள்ளப்படாதவை அனைத்தும் மறுக்கப்படுகின்றன’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதை நம்பி எல்லாச் சங்கதிக்கும் எதிரே ‘மறுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 8 விதி 3-இன்படி ஒவ்வொரு சங்கதியையும் குறிப்பாக மறுக்க வேண்டும். விதி 4 சுற்றிவளைத்து மறுப்பதை ஏற்பதில்லை. ஒரு தொகையைப் பெற்றதாகச் சொல்லப்பட்டால், அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையுமோ பெறவில்லை என்று மறுக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பெற்றேன் என்று சொல்ல வேண்டும். குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்கிறது விதி 5. அப்படியானாலும் அதை நிரூபிக்கும்படி கேட்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் வழக்கில் உடன்படிக்கையின் கையொப்பமும் பதிவும் நோட்டீஸ் கிடைத்ததும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. சொத்தின் அடையாளத்தில் தகராறு இல்லை. இந்த வரிகளை அடித்துவிடலாம். ‘10.03.2021 தேதிய கிரய உடன்படிக்கை உண்மையானதா, செல்லத்தக்கதா, பிரதிவாதியைக் கட்டுப்படுத்துமா’ என்று பழைய கட்டுகளில் வரும் எழுவினா இந்த வழக்குக்கு ஏன் பொருந்தாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்ததில் தகராறு இல்லை. எதற்காக எழுதிக் கொடுத்தார் என்பதில்தான் தகராறு.

எதிர்வழக்குரை தெளிவில்லாமல் இருந்தால் கட்டளை 10 விதி 1 இருக்கிறது. ஒவ்வொரு தரப்பும் எதை ஒப்புக்கொள்கிறது, எதை மறுக்கிறது என்று எழுவினாவுக்கு முன்பே நீதிமன்றம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இதை யாரும் கேட்பதே இல்லை, அதனால் நடப்பதும் அபூர்வம். நீங்கள் எழுந்து நின்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சாட்சியின் வேலை குறைந்துவிடலாம்.

இரண்டாம் வேலை: சங்கதியையும் சாட்சியத்தையும் பிரியுங்கள்

வழக்கின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

கட்டளை 6 விதி 2 சொல்வது எளிது. தரப்பினர் எந்த முக்கியச் சங்கதிகளை நம்பி நிற்கிறார்களோ அவற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தைச் சொல்லக் கூடாது. கட்டளை 14 விதி 1 அதன் மறுபக்கம். வழக்குத் தொடரும் உரிமையைக் காட்ட வாதி சொல்லியே ஆக வேண்டியதும், எதிர்வாதத்துக்காகப் பிரதிவாதி சொல்லியே ஆக வேண்டியதும்தான் முக்கியச் சங்கதி. அதை ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்தால் எழுவினா எழுகிறது. ஆனால் நம் ஊர் வழக்குரைகளில் இரண்டும் கலந்தே வரும். திண்ணையும் பக்கத்து வீட்டாரும் மனைவியின் நகையும் வழக்குரைக்குள் வந்துவிடும். அவற்றைப் பிரிப்பது எழுவினா எழுதுபவரின் வேலை.

பிரிக்க ஒரு கேள்வி போதும். இந்த வரியை வழக்குரையிலிருந்து எடுத்துவிட்டால், மீதியெல்லாம் நிரூபணமானாலும் வாதி தோற்பாரா? தோற்பார் என்றால் அது முக்கியச் சங்கதி. தோற்க மாட்டார், நிரூபிப்பது மட்டும் கடினமாகும் என்றால் அது சாட்சியம்.

‘தயாராகவும் விருப்பமாகவும் இருந்தேன்’ என்ற வரியை இந்தக் கேள்விக்கு உட்படுத்துங்கள். குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 1963, பிரிவு 16(இ)-இன்படி அதை நிரூபிக்காதவருக்கு இந்தப் பரிகாரம் இல்லை. 2018-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டபோது ‘வழக்குரையில் எடுத்துரைத்து’ என்ற பொருள் தரும் சொல் நீக்கப்பட்டு, நிரூபிக்க வேண்டும் என்பது மட்டும் நின்றது. அதைப் பார்த்து இனி வழக்குரையில் சொல்லவே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நிரூபித்தே ஆக வேண்டிய சங்கதி கட்டளை 6 விதி 2-இன்படி சொல்லியே ஆக வேண்டிய சங்கதியும்கூட. ஆகவே அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தயார்நிலை என்பது பணம் கொடுக்கும் சக்தி, விருப்பம் என்பது நடத்தையில் தெரியும் மனநிலை. இரண்டும் சேர்ந்து ஒரே முக்கியச் சங்கதி.

வங்கிக் கணக்கு, நகை விற்பனை, சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தது ஆகிய மூன்றும் அப்படியல்ல. நகையே விற்காமல் அண்ணனிடம் வாங்கிய பணத்தோடு வாதி தயாராக இருந்திருக்கலாம். 20.08.2021 அன்று அவர் அங்கே போகவே இல்லை என்று பிரதிவாதி நிரூபித்தாலும் மற்ற ஆதாரங்களால் வாதி ஜெயிக்கக்கூடும். ஆகவே ‘20.08.2021 அன்று வாதி சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்திருந்தார் என்பது உண்மையா?’ என்று எழுவினா வனைந்தால் தவறு. இது சாட்சியத்தின் மேல் வைத்த கேள்வி. இதற்கு விடை எப்படி வந்தாலும் தீர்ப்பாணை அதனால் மட்டும் மாறாது.

ரூ.2 லட்சத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பிரதிவாதி கையொப்பம் போலி என்று உரக்கச் சொல்கிறார். உடனே ‘உடன்படிக்கையின் பின்புறம் உள்ள வரவுக் கையொப்பம் பிரதிவாதியுடையதா?’ என்று எழுவினா எழுதிவிடுகிறார்கள். முக்கியச் சங்கதி எது? பணம் செலுத்தப்பட்டதா என்பது. மீதி ரூ.16 லட்சமா, ரூ.18 லட்சமா என்பதையும், பரிகாரம் மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. வரவுக் குறிப்பு அதை நிரூபிக்கும் வழிகளில் ஒன்று. கையொப்பத்தின் மேல் எழுவினா வைத்தால், பக்கத்து வீட்டார் இருவரின் சாட்சியம் எந்தக் கேள்விக்கு விடை என்றே தெரியாமல் போகும். கையெழுத்து நிபுணரின் அறிக்கையே வழக்கை முடிவு செய்துவிடும். ‘05.08.2021 அன்று வாதி ரூ.2 லட்சம் செலுத்தினார் என்பது உண்மையா?’ என்று வைத்தால் கையொப்பம், திண்ணை, அக்கம்பக்கத்தார் எல்லாமே அதன் கீழ் வரும்.

இதை வைத்துக் கையொப்பம் என்றாலே சாட்சியம்தான் என்று பொதுவிதி செய்துவிடக் கூடாது. கடனுறுதிச் சீட்டை வைத்துப் போட்ட பண வழக்கிலும், உயிலை வைத்து உரிமை கோரும் வழக்கிலும் ஆவணமே உரிமையின் வேர். அங்கே எழுதிக் கொடுத்ததே முக்கியச் சங்கதி. நோட்டீஸும் இப்படித்தான். நம் வழக்கில் அது நடத்தைக்குச் சாட்சியம் மட்டுமே. அரசுக்கு எதிரான வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 80 நோட்டீஸ் கொடுத்தாரா என்பது வழக்கையே நிறுத்தும் சங்கதி. ஒரு சங்கதி எந்தப் பக்கம் விழும் என்பதை அந்த வழக்குக்கான சட்டம்தான் சொல்லும். ஆகவே சங்கதிகளைப் பிரிக்க உட்காரும் முன்பு, கேட்கும் பரிகாரத்துக்கு எந்தப் பிரிவு எதையெல்லாம் கேட்கிறது என்று படித்துவிடுங்கள்.

பிரதிவாதியின் பக்கமும் இதே சோதனைதான். ‘கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது’ என்பது முக்கியச் சங்கதி, நிரூபணமானால் வாதியின் வழக்கு முடிந்தது. ‘சந்தை விலை ரூ.60 லட்சம்’ என்பது சாட்சியம். ரூ.60 லட்சம் பெறும் நிலத்தை யாராவது ரூ.24 லட்சத்துக்கு விற்பார்களா என்று கேட்டு, அது கடன் பத்திரம்தான் என்று காட்டுவதற்கு அது உதவும். விலையைப் பற்றித் தனி எழுவினா வைத்தால் வழிகாட்டி மதிப்பு, மதிப்பீட்டாளர் என்று விசாரணை வேறு திசைக்குப் போய்விடும்.

மூன்றாவது பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘சங்கதி’ அல்லது ‘சாட்சியம்’ என்று இப்போது எழுதுங்கள். சாட்சியம் என்று எழுதிய வரியை அடிக்காதீர்கள், அது எந்தச் சங்கதிக்குச் சாட்சியம் என்று அம்புக்குறி போடுங்கள். அந்தத் தாள் பிறகு தேவைப்படும்.

மூன்றாம் வேலை: வாசகத்தில் நிரூபணப் பொறுப்பைச் சரியாக வையுங்கள்

சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 101. 01.07.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அது பிரிவு 104. எழுவினாவின் வாசகம் இந்தப் பொறுப்பை இடம் மாற்றிவிடக் கூடாது.

‘உடன்படிக்கை கிரயம் செய்யும் எண்ணத்தோடுதான் எழுதப்பட்டதா?’ என்று எழுதினால், பதிவான பத்திரத்தை வைத்திருக்கும் வாதி அதன் உண்மையை மறுபடியும் நிரூபிக்க வேண்டும் என்று ஆகிவிடும். கையொப்பத்தை ஒப்புக்கொண்டு வேறு நோக்கம் சொல்பவர் பிரதிவாதி. ‘…கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற பிரதிவாதியின் கூற்று உண்மையா?’ என்றுதான் வர வேண்டும். பத்திரத்துக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்று வாதி தரப்பு ஆட்சேபிக்கும். ஆவணமே வெறும் பெயருக்கு எழுதப்பட்டது, அதன்படி நடக்கும் எண்ணம் இருவருக்கும் இல்லை என்று காட்டச் சாட்சியம் தரலாம் என்று கங்காபாய் எதிர் சபூபாய் வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக எழுவினா எழும், பாரம் பிரதிவாதி மேல்.

இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். ‘வாதி ரூ.6 லட்சமும் ரூ.2 லட்சமும் செலுத்தித் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா?’ என்று கேட்டால், ஆறு உண்மை, இரண்டு பொய் என்று காணும் நீதிபதி ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு சங்கதிக்கும் தனி எழுவினா என்பதே கட்டளை 14 விதி 1-இன் கட்டளை.

தங்கையின் பங்கு

‘தாவா சொத்தில் பிரதிவாதியின் தங்கைக்குப் பங்கு உள்ளதா?’ என்ற எழுவினாவை வனைந்துவிட்டால் ஒரு பாகப்பிரிவினை வழக்கே உள்ளே வந்துவிடும். தங்கை வழக்கில் தரப்பினர்கூட இல்லை. பிரதிவாதி உண்மையில் கிளப்பும் எதிர்வாதம், அவசியமான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்பது மட்டும்தான். அதை எழுவினாவாக வைக்கலாம். தமிழ்நாட்டிலிருந்தே சென்ற கஸ்தூரி எதிர் ஐயம்பெருமாள் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று தனி உரிமை கோருபவர் இத்தகைய வழக்கில் அவசியத் தரப்பினர் அல்ல என்று சொன்னது. ஆகவே இந்த எழுவினாவுக்குச் சாட்சிக் கூண்டில் அதிக வேலை இருக்காது, வாதத்திலேயே முடியும். இதை முதனிலை எழுவினாவாக எடுத்து முன்கூட்டியே முடிவு செய்யுங்கள் என்று பிரதிவாதி கேட்டால், கட்டளை 14 விதி 2 அதற்கு இடம் தருவது நீதிமன்றத்தின் அதிகாரவரம்பு, சட்டத்தால் வழக்குக்குத் தடை ஆகிய சட்ட எழுவினாக்களுக்கு மட்டுமே என்று சொல்லுங்கள்.

வழக்குரைகளில் இல்லாத ஒன்றை நீங்களாக எழுவினா ஆக்காதீர்கள். சென்னையைச் சேர்ந்த ஏ. காந்தாமணி எதிர் நஸ்ரீன் அகமது வழக்கில், உடன்படிக்கை ரத்தானது செல்லாது என விளம்புகை கேட்காததால் வழக்கு நிலைக்காது என்ற வாதம் மேல்முறையீட்டில் வந்தது. எதிர்வழக்குரையில் அதைச் சொல்லவில்லை, எழுவினாவும் இல்லை, ஆகவே எடுக்க முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. பிரதிவாதி தரப்பில் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

வரைவு இப்படி வரும்

1. 10.03.2021 தேதிய கிரய உடன்படிக்கை ரூ.3 லட்சம் கடனுக்கு ஈடாக மட்டுமே எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற பிரதிவாதியின் கூற்று உண்மையா?
2. அந்த உடன்படிக்கையின்படி வாதி ரூ.6 லட்சம் முன்பணம் செலுத்தினார் என்பது உண்மையா?
3. 05.08.2021 அன்று வாதி மேலும் ரூ.2 லட்சம் செலுத்தினார் என்பது உண்மையா?
4. உடன்படிக்கையில் தன் பங்கை நிறைவேற்ற வாதி எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா?
5. அவசியமான தரப்பினரைச் சேர்க்காததால் வழக்கு பாதிக்கப்படுகிறதா?
6. வாதிக்கு ஏற்றதை ஆற்றுதல் பரிகாரம் கிடைக்கத்தக்கதா?
7. இல்லையெனில், மாற்றுப் பரிகாரமாக ரூ.8 லட்சத்தைத் திரும்பப் பெற வாதிக்கு உரிமை உள்ளதா?
8. வாதிக்குக் கிடைக்கக்கூடிய இதர பரிகாரம் என்ன?

ஏழாவது எழுவினா வந்ததற்குக் காரணம், வழக்குரையில் அந்த மாற்றுப் பரிகாரம் கேட்கப்பட்டிருப்பதுதான். குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டப் பிரிவு 22-இன்படி முன்பணத்தைத் திரும்பக் கேட்காதவருக்கு அது கிடைக்காது. கேட்க மறந்திருந்தால் வழக்கு முடிவதற்குள் எந்தக் கட்டத்திலும் திருத்தலாம், அதற்கு எழுவினா நாளே நல்ல நாள். ஆறாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் எதை நிரூபிக்க வேண்டும் என்று எந்தத் தரப்புக்கும் தெரியாது.

சரிபார்க்க, ஒவ்வொரு எழுவினாவுக்கும் ஒருமுறை ‘ஆம்’, ஒருமுறை ‘இல்லை’ என்று விடை எழுதிப் பாருங்கள். இரண்டு விடைக்கும் தீர்ப்பாணையில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்றால் அது சாட்சியத்தின் மேல் வைத்த கேள்வி. யார் முதலில் நிரூபிக்க வேண்டும் என்று உடனே சொல்ல முடியவில்லை என்றால் வாசகம் குழம்பியிருக்கிறது.

நீதிமன்றம் வனைந்த பிறகு

நீதிமன்றம் வனைந்த எழுவினாக்களின் நகலை அன்றே வாங்கி உங்கள் வரைவோடு ஒப்பிடுங்கள். நான்காவது விடுபட்டிருந்தாலோ முதலாவது தலைகீழாக இருந்தாலோ, கட்டளை 14 விதி 5-இன் கீழ் திருத்தவோ சேர்க்கவோ நீக்கவோ மனுச் செய்யலாம். தீர்ப்பாணை பிறப்பிக்கும் முன்பு எப்போதும் முடியும். ஆனால் சாட்சி விசாரணை தொடங்கியபின் கூடுதல் எழுவினா வந்தால் சாட்சியை மறுபடி அழைக்க வேண்டி வரும், ஆகவே முதல் நிரூபண வாக்குமூலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். எழுவினா விடுபட்டதாலேயே தீர்ப்பு கெட்டுவிடாது. இருதரப்பும் எதைப் பற்றிய வழக்கு என்று தெரிந்தே சாட்சியம் தந்திருந்தால் அது குறையல்ல என்று நெடுநூரி காமேஸ்வரம்மா வழக்கில் 1962-இலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் தெரிந்தே தந்தார்களா என்பதை மேல்முறையீட்டில் வாதாடிக் காட்ட வேண்டியிருக்கும்.

இனி மூன்று பத்தித் தாளை மறுபடி எடுங்கள். அம்புக்குறி போட்டு வைத்த சாட்சிய வரிகளை எழுவினா எண்ணுக்குக் கீழே கொண்டுவாருங்கள். மூன்றாவதன் கீழ் வரவுக் குறிப்பும் பக்கத்து வீட்டாரும். நான்காவதன் கீழ் வங்கிக் கணக்கு அறிக்கை, நகைக்கடை ரசீது, 20.08.2021 சங்கதி, நோட்டீஸ். வாதி தரப்பு முதல் சாட்சியான வா.சா.1-இன் நிரூபண வாக்குமூலத்தை இந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஏதாவது ஒரு எழுவினாவுக்குக் கீழே ஒன்றுமே இல்லையென்றால், அந்த இடத்துக்கு என்ன ஆவணம், யார் சாட்சி என்று கட்சிக்காரரை அழைத்து அன்றே கேளுங்கள்.